கருப்பையா பெரியப்பா வரைந்த வம்ச மரத்தின் உறவு விளக்கம்

அன்புள்ள கயல்விழிக்கு,

நீ அனுப்பிய படம் கிடைத்தது. என் மகள் ஓவியாவின் திருமணத்திற்கு வரும்போது உன் கணவர், நம் வீட்டு மாப்பிள்ளை தினேஷ் யாரை எப்படி அழைப்பது என்று தடுமாறக் கூடாது என நீ கேட்டிருந்தபடியால், காகிதத்தில் உள்ள ஒவ்வொருவரையும் உன்னிலிருந்து முறை எண்ணி எழுதுகிறேன். கட்டம் என்றால் ஆண், வட்டம் என்றால் பெண், இரட்டைக் கோடு என்றால் திருமணம். கறுப்பு மையில் இருப்பது உன் அய்யா, அதாவது என் பெரியப்பா கருப்பையா எழுதியது, நீல மையில் இருப்பது பின்னாளில் உன் அம்மா சேர்த்தது.

உச்சியில் இருக்கும் சுப்பையாவும் வள்ளியம்மாளும் உனக்குப் பூட்டனும் பூட்டியும் ஆவார்கள். கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி என்றும் சொல்லலாம். அவர்களுக்குக் கீழே 1, 2, 4 என்று எண்கள் இருப்பதைப் பார்த்து 3 எங்கே என்று கேட்டிருந்தாய். மடிப்பு விழுந்த இடத்தில் சிறு கட்டமும் அதன் மேல் ஒரு குறுக்குக் கோடும் இருக்கின்றன. பிறந்த சில நாட்களில், பெயர் வைக்கும் முன்பே இறந்துபோன ஆண் குழந்தை அது. பெயரில்லாவிட்டாலும் பெரியப்பா அதன் இடத்தை விட்டுவைத்திருக்கிறார்.

முதலாவது மகன் கருப்பையா உன் அப்பாவின் தந்தை, அதாவது நீ அய்யா என்று அழைத்த தாத்தா. அவருடைய கட்டத்திலிருந்து இரண்டு இரட்டைக் கோடுகள் புறப்படுகின்றன. முதல் மனைவி பேச்சியம்மாள் 1959இல் இறந்தபின், கைக்குழந்தையாக இருந்த சண்முகத்தை வளர்ப்பதற்காக அவருடைய தங்கை முத்துலட்சுமியையே பெரியப்பாவுக்கு மணம் முடித்தார்கள். முத்துலட்சுமி உன் அப்பத்தா. பேச்சியம்மாளை நீ பார்த்ததில்லை என்றாலும் அவர் உனக்குப் பெரிய அப்பத்தா. சண்முகம் அண்ணன் வேறு தாய்க்குப் பிறந்தவர் என்பதால் முறையில் எந்த மாற்றமும் வராது. அவர் உன் அப்பா செல்வராஜுக்கு அண்ணன், உனக்குப் பெரியப்பா, அவர் மனைவி உனக்குப் பெரியம்மா. அவர்களுடைய மகள் பவானி 1990இல் பிறந்தவள், ஆகவே உனக்கு அக்கா. மகன் பிரபுவின் பக்கத்தில் உன் அம்மா "அண்ணன்" என்று குறித்திருக்கிறார், அது பிழை. பெரியப்பா மகன் என்பதாலேயே ஒருவன் அண்ணன் ஆகிவிட மாட்டான். அவன் பிறந்தது 1998, நீ பிறந்தது 1996. அவன் உனக்குத் தம்பி.

உன் அப்பாவின் தங்கை தேன்மொழி உனக்கு அத்தை, அவர் கணவர் மாமா. அவர்களுடைய மகன் கார்த்திக் உன்னைவிட இரண்டு வயது மூத்தவன் ஆகையால் உனக்கு அத்தான். ஆனால் உன் அண்ணன் அரவிந்தனுக்கு அவன் மச்சான். மகள் நித்யா உனக்கு அத்தை மகள், இளையவள், பெயர் சொல்லி அழைத்தால் போதும். அரவிந்தனுக்கு அவள் கொழுந்தியாள். உடன்பிறந்த இருவருக்கே ஒரே ஆளின் முறைப்பெயர் மாறுவது இப்படித்தான்.

இரண்டாவது பிள்ளை மீனாட்சியிடம் வரும்போதுதான் மரம் கிளை விடுவதை நிறுத்திவிட்டு வளைகிறது. அவர் உன் அய்யாவின் தங்கை, எனக்கும் உன் அப்பாவுக்கும் அத்தை. அதே மீனாட்சிதான் உன் அம்மாவைப் பெற்ற அம்மாச்சி. உன் அப்பா தன் அத்தை மகள் இராஜேஸ்வரியை மணந்ததால், காகிதத்தின் நடுவே ஒரு நீண்ட இரட்டைக் கோடு மீனாட்சியின் கிளையிலிருந்து கருப்பையாவின் கிளைக்குப் பாலம்போல் போகிறது. இதை நீ வரைந்தவரின் கைத்தவறு என்று நினைத்துவிட்டாய். தவறில்லை, அதனால்தான் சுப்பையாவுக்கு நீ தந்தை வழியிலும் தாய் வழியிலும் கொள்ளுப்பேத்தி ஆகிறாய். அம்மாச்சியின் கணவர் பழனிச்சாமி உன் அம்மாவழித் தாத்தா. அவரிடமிருந்து வள்ளியம்மாளை நோக்கிப் போகும் புள்ளிக்கோடு, அவர் வள்ளியம்மாளின் தம்பி மகன் என்பதைக் காட்டுகிறது. சொந்த அத்தையே அவருக்கு மாமியாராக வாய்த்தார்.

இராஜேஸ்வரியின் அண்ணன் முருகேசன் உனக்குத் தாய்மாமன். அவர் மனைவி செல்வி உனக்கு அத்தை. சில ஊர்களில் மாமி என்பார்கள், நம் பக்கம் அத்தைதான். அவர்களுடைய மகள் யாழினி 1994இல் பிறந்தவள் ஆகையால் உனக்கு மதினி.

நான்காவது பிள்ளை இராமசாமி என் அப்பா. உன் அய்யாவின் தம்பி என்பதால் உனக்குச் சின்னத் தாத்தா. என் அம்மா கண்ணம்மாள் உனக்குச் சின்ன அப்பத்தா. இந்தக் கிளையில் நீ இரண்டு வழியாகவும் எண்ணிப் பார்க்கலாம். அப்பா வழியில் நான் உன் அப்பாவின் சித்தப்பா மகன், வயதில் இளையவன், ஆகவே உனக்குச் சித்தப்பா. அம்மா வழியில் நான் உன் அம்மாவின் தாய்மாமன் மகன், அவருக்குக் கட்டிக்கொள்ளும் முறை உள்ளவன், ஆகவே அந்த வழியிலும் சித்தப்பாதான். என் தங்கை சுமதி எந்த வழியில் எண்ணினாலும் உனக்கு அத்தையாகவே வருவாள். முறை பார்த்துச் செய்த திருமணத்தில் கணக்கு இப்படி நேராக நிற்கும். இரண்டு வழிக்கும் இரண்டு பெயர் வந்தால் எங்கோ ஒரு கோட்டைத் தவறாகப் படித்திருக்கிறோம் என்று பொருள். என் மனைவி உனக்குச் சித்தி, 2001இல் பிறந்த ஓவியா உனக்குத் தங்கை. உன் அம்மாவை நான் சிறு வயதில் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். அண்ணனை மணந்த நாள் முதல் அவர் எனக்கு மதினி.

இனி மாப்பிள்ளையின் பக்கம். உன் அப்பா அவருக்கு மாமனார், சண்முகம் அண்ணனும் நானும் பெரிய மாமனார், சின்ன மாமனார். நேரில் எல்லோரையும் மாமா என்றால் போதும். அரவிந்தனும் பிரபுவும் அவருக்கு மைத்துனர்கள். பவானியின் கணவரும் அவரும் சகலைகள். அரவிந்தனின் மனைவி ஹேமா உனக்கு மதினி, அவளுக்கு நீ நாத்தனார். ஆனால் தினேஷுக்கு ஹேமா உடன்பிறந்தாள் முறை ஆவாள். இதில்தான் வெளியிலிருந்து வரும் மாப்பிள்ளைகள் பெரும்பாலும் தவறுகிறார்கள். அதேபோல் உனக்கு அத்தானான கார்த்திக்கை அவர் மச்சான் என்று அழைக்கக் கூடாது. அவருக்கு அது அண்ணன் தம்பி முறை. யாழினியும் நித்யாவும் அவருக்கு அக்காள் தங்கை முறையில் வருவார்கள். தினேஷின் பெற்றோர் உன் பெற்றோருக்குச் சம்பந்திகள். காகிதத்தில் அவர்களுக்கு இடம் இல்லை, நீல மையில் நீயே சேர்த்துவிடு.

படத்தின் வலது கீழ் மூலையில் உன் கட்டைவிரல் ஒரு கட்டத்தை மறைத்திருக்கிறது. அது சுமதியின் இளைய மகன் விக்னேஷ், 2003இல் பிறந்தவன். உனக்கும் ஓவியாவுக்கும் அத்தை மகன், இருவருக்குமே இளையவன்.

இப்படிக்கு,
சித்தப்பா பாண்டியன்