ஊதிய ஒப்பந்த வாக்கெடுப்புக்கு முன் பேரவையில் பொதுச்செயலாளர் ஆற்றிய உரை

(திருமங்கலம், 29 செப்டம்பர் 2024)

அன்பார்ந்த தோழர்களே, வணக்கம். இரவு ஷிப்டை முடித்துவிட்டு வீட்டுக்குப் போகாமல் நேராக இந்த மண்டபத்துக்கு வந்திருக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். உசிலம்பட்டியிலிருந்தும் பேரையூரிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமையைவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

பழைய ஒப்பந்தம் 2023 மார்ச் 31-ஆம் தேதியோடு முடிந்தது. அதற்குப் பிறகு நிர்வாகத்தோடு நேரடியாகப் பதினோரு முறையும், தொழிலாளர் துறை அதிகாரியின் முன்னிலையில் நான்கு முறையும் உட்கார்ந்து பேசினோம். மூன்று ஆண்டுகளுக்கு மாதச் சம்பளத்தில் ரூ.9,500 உயர்வு கேட்டோம், அவர்கள் ரூ.2,800-இல் தொடங்கினார்கள். இப்போது வந்து நிற்பது நான்கு ஆண்டுகளுக்கு ரூ.5,200. முதலாண்டில் 2,600, இரண்டாமாண்டில் 1,200, மூன்றாமாண்டில் 800, நான்காமாண்டில் 600 என்று அது பிரிகிறது. இதை வெற்றி என்று நான் இந்த மேடையில் சொல்லப் போவதில்லை. வாயிற்கூட்டத்தில் ரூ.8,000-க்குக் குறைந்து கையெழுத்துப் போட மாட்டோம் என்று பேசியவன் நான்தான். அது உங்களுக்கு நினைவிருக்கிறது, எனக்கும் நினைவிருக்கிறது.

முதலில் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். இந்த 5,200-இல் பாதிதான் அடிப்படைச் சம்பளத்தில் சேர்கிறது. மறுபாதி சிறப்புப் படி என்ற பெயரில் வருகிறது. மாதச் சம்பளச் சீட்டில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். வித்தியாசம் ஓய்வுபெறும் நாளில்தான் தெரியும். பணிக்கொடை என்பது கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 26-ஆல் வகுத்து, ஆண்டுக்குப் பதினைந்து நாள் வீதம் கணக்கிடப்படுவது. முழுத் தொகையும் அடிப்படையில் சேர்ந்திருந்தால் 25 ஆண்டு பணி செய்தவருக்கு இந்த உயர்வினால் மட்டும் ரூ.75,000 கூடியிருக்கும், இப்போது ரூ.37,500 கூடும். மூத்த தோழர்கள் இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு வாக்களிக்க வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

நிலுவைத் தொகையிலும் இழப்பு இருக்கிறது. சென்ற ஆண்டு ஏப்ரல் முதல் இந்த மாதம் வரை பதினெட்டு மாதங்களுக்கு முறைப்படி வர வேண்டியது ரூ.54,000. தருவதாகச் சொல்வது ரூ.36,000, அதுவும் தீபாவளிக்குப் பாதி, பொங்கலுக்குப் பாதி. தாமதப்படுத்தியவர்கள் அவர்கள், தண்டம் கட்டுகிறவர்கள் நாம்.

அடுத்தது இ.எஸ்.ஐ. இதைப் பற்றித்தான் இந்த வாரம் எனக்கு அதிகமான தொலைபேசி அழைப்புகள் வந்தன. இ.எஸ்.ஐ.க்கான சம்பள உச்சவரம்பு ரூ.21,000. இப்போது ரூ.17,200-க்கு மேல் வாங்குகிற 118 பேர், முதல் இரண்டு ஆண்டு உயர்வும் சேர்ந்தவுடன் அந்த வரம்பைத் தாண்டிவிடுவார்கள். பங்களிப்புக் காலத்தின் நடுவே சம்பளம் வரம்பைத் தாண்டினால் அந்தக் காலம் முடியும்வரை பாதுகாப்பு தொடரும் என்பது விதி. புதிய காலம் அக்டோபர் முதல் தேதி தொடங்குகிறது. அதனால்தான், நாளைக்கே கையெழுத்திடலாம் என்று நிர்வாகம் அவசரப்படுத்தியபோது, அக்டோபர் பிறந்த பிறகு பார்க்கலாம் என்று சொன்னோம். இதனால் அந்த 118 பேருக்கும் அடுத்த மார்ச் 31 வரை தத்தனேரி இ.எஸ்.ஐ. மருத்துவமனையின் கதவு திறந்திருக்கும். அதன் பிறகு அவர்களுக்கு நிர்வாகத்தின் செலவில் குடும்பத்துக்கு ரூ.3 லட்சம் மருத்துவக் காப்பீடு எடுத்துத் தரப்படும். நம்மைச் சார்ந்திருக்கும் தாய் தந்தையரையும் அதில் சேர்க்க வேண்டும் என்று எழுதி வாங்கியிருக்கிறோம். ஆனால் உடல்நலமின்றி வேலைக்கு வர முடியாத நாட்களுக்கு, ஆண்டுக்கு 91 நாள்வரை, எழுபது விழுக்காடு ஊதியத்தை இ.எஸ்.ஐ. தருகிறதே, அதைத் தனியார் காப்பீடு தராது. இந்த ஓட்டையை நம்மால் அடைக்க முடியவில்லை.

இவ்வளவு குறைகளையும் சொல்லிவிட்டு, ஏற்றுக்கொள்ளுங்கள் என்று நான் கேட்பதற்குக் காரணம் பஞ்சப்படி. சென்னை நகர விலைவாசிக் குறியீட்டு எண் ஏறுகிறபோது, புள்ளிக்கு இவ்வளவு என்று நம் சம்பளமும் ஏறுகிற இந்த முறையை ஒழித்து, இன்றைய தொகையோடு நிறுத்திவிட வேண்டும் என்பதுதான் நிர்வாகத்தின் முதல் கோரிக்கையாக இருந்தது. அதற்கு ஈடாக உயர்வை ரூ.7,000 ஆக்கித் தருகிறோம் என்று ஒரு கட்டத்தில் சொன்னார்கள். ஏழாயிரம் என்று கேட்டவுடன் நம் குழுவிலேயே சிலருக்கு மனம் அசைந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஏழாயிரம் ஒருமுறை வருவது, அரிசியும் எண்ணெயும் ஆண்டுதோறும் ஏறுவது. ஒன்பதாவது கூட்டத்தில் அவர்கள் அந்தக் கோரிக்கையைத் திரும்பப் பெற்றார்கள். உற்பத்தியைப் பன்னிரண்டு விழுக்காடு கூட்ட வேண்டும் என்றதும், புதிய இயந்திரங்கள் ஓடுகிற பிரிவில் மட்டும் ஐந்து விழுக்காடு என்று சுருங்கியது.

வேலைநிறுத்தம் செய்தால் என்ன என்று இளைய தோழர்கள் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். போராடினால் மாதத்துக்கு இன்னும் ரூ.800 கிடைக்கலாம் என்பது என் மதிப்பீடு. 2027 மார்ச் வரை எஞ்சியிருக்கும் முப்பது மாதங்களுக்கு அது ரூ.24,000. நம்மில் பெரும்பாலோர் வாங்கும் சம்பளம் ரூ.16,500-ஐ ஒட்டியது. ஆக, நிறுத்தம் ஆறு வாரத்தைத் தாண்டினால் கிடைத்ததைவிட இழந்தது அதிகமாகிவிடும். அதோடு பேச்சுவார்த்தை முறிந்தால் பஞ்சப்படியும் மறுபடி மேசைக்கு வரும்.

ஆறு வாரம் தாக்குப்பிடிக்க முடியாதா என்றால், உள்ளே 260 ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். நாம் வெளியே நின்றால் அவர்களை வைத்து இரண்டு ஷிப்டாவது ஓட்டுவார்கள். அதற்காக அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, ஏனென்றால் நம் கோரிக்கைப் பட்டியலில் அவர்களைப் பதினான்காவது இடத்தில் வைத்தவர்கள் நாம்தான். இருபத்துநான்கு மாதங்களில் 480 நாள் வேலை செய்தவருக்கு நிரந்தரத் தகுதி வழங்க வேண்டும் என்று 1981-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் சொல்கிறது. அந்த உரிமையைக் கேட்டு அவர்களோடு நாம் ஒருமுறைகூட வாயிலில் நின்றதில்லை. இந்த ஒப்பந்தத்தில் அவர்களில் இருபது பேருக்கு மட்டும் நிரந்தரம் கிடைக்கிறது. இந்தத் தவறில் என் பங்கு பெரியது.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். இது தொழிலாளர் துறை அதிகாரியின் முன்னிலையில் தொழில் தகராறு சட்டத்தின் 12(3) பிரிவின்கீழ் போடப்படும் ஒப்பந்தம். நம் சங்கத்தில் இல்லாதவரையும், நாளை வேலைக்குச் சேர்கிறவரையும் இது கட்டுப்படுத்தும். கையெழுத்திட்ட பிறகு, இதில் அடங்கிய விஷயங்களுக்காக 2027 மார்ச் 31 வரை வேலைநிறுத்தம் செய்ய முடியாது. நான்கு ஆண்டு என்பது நீளம் என்று நினைக்கிறவர்கள் இன்றைக்கே அதைச் சொல்லிவிட வேண்டும்.

நிர்வாகக் குழுவில் ஏழு பேர் ஏற்கலாம் என்றார்கள், நான்கு பேர் கூடாது என்றார்கள். அந்த நால்வரில் ஒருவர் எனக்குப் பிறகு பேசுவார். எனக்குக் கொடுத்த நேரமே அவருக்கும் உண்டு. எனக்குக் கை தட்டினாலும் தட்டாவிட்டாலும், அவர் பேசும்போது குறுக்கே யாரும் குரல் எழுப்பக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

வாக்கெடுப்பு இரகசியமானது. அடையாள அட்டையைக் காட்டிச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளைச் சீட்டில் ‘ஏற்கிறேன்’, ‘ஏற்கவில்லை’ என்று இரண்டு கட்டங்கள் உள்ளன. ஒன்றில் மட்டும் குறியிடுங்கள். பேக்கிங் பிரிவுச் சகோதரிகளுக்கு இரண்டு மணிப் பேருந்து இருப்பதால் முதல் வரிசை அவர்களுக்கு. 412 உறுப்பினர்களில் வாக்களித்தோரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வேண்டாம் என்றால், நாளைக் காலையிலேயே இந்த முன்மொழிவை ஏற்கவில்லை என்ற கடிதத்தை என் கையெழுத்தோடு நிர்வாகத்திடம் கொடுத்துவிடுவேன். பெட்டி மாலை நான்கு மணிக்கு இதே மேடையில், உங்கள் கண்முன்னால் திறக்கப்படும்.