கொழும்பில் முதல் மாதம்: செந்திலுக்கான சரிபார்ப்புப் பட்டியல்

தம்பி செந்தில், சென்னையில் பெட்டி கட்டும்போதே இதை அச்செடுத்துக் கடவுச்சீட்டோடு வையுங்கள். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். வதிவிட விசா கையில் வராமல் வங்கிக் கணக்கும் நீண்டகால வாடகை ஒப்பந்தமும் இலகுவில் அமையாது.

புறப்படுமுன்

☐ இந்திய சிம்மில் ரோமிங் வசதியை அங்கேயே இயக்கிவிடுங்கள். உங்கள் இந்திய வங்கியின் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். அந்த எண் செத்தால் அங்குள்ள பணத்தைத் தொட முடியாது.

☐ பட்டச் சான்றிதழ், திருமணப் பதிவுச் சான்றிதழ், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ்: மூலப்பிரதிகள் கைப்பையில். கவிதாவுக்கும் பிள்ளைக்கும் விசா எடுக்கையில் கேட்பார்கள்.

☐ வெளிநாட்டு வேலைக்குப் போவதை இந்திய வங்கிக்குத் தெரிவித்து, சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றுங்கள். அது சட்டப்படி செய்ய வேண்டியது.

முதல் வாரம்

☐ கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே கடவுச்சீட்டைக் காட்டி சிம் வாங்கலாம். அங்கே விற்கும் சுற்றுலா சிம் குறுகிய காலத்துக்கானது. வீடு முடிவான பின் டயலொக், மொபிடெல், ஹட்ச் மூன்றில் எது அந்த வீட்டுக்குள் நன்றாக எடுக்கிறது என்று பார்த்து நிரந்தர இணைப்பு எடுங்கள். இங்கே போன் வாங்குவதானால், காசு கொடுக்குமுன் IMEI என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, பதினைந்து இலக்க எண்ணைச் சேர்த்து 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். தொலைத்தொடர்பு ஆணைக்குழுவின் அனுமதி பெற்ற போனா என்று பதில் வரும்.

☐ விசா. பத்தரமுல்லை சுஹுருபாயவில் உள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு அலுவலகத்திலிருந்து ஒருவர் உங்களோடு வருவார். நுழைவு விசாவில் அச்சிட்டுள்ள முடிவுத் திகதியை வந்த அன்றே நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள். கடவுச்சீட்டு உங்களுடையது, திகதி தவறினால் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்.

☐ இந்தியத் தூதரகத்தின் இணையத்தளத்தில் உங்கள் விவரத்தைப் பதிவுசெய்யுங்கள். தூதரகம் கொள்ளுப்பிட்டியிலேயே, காலி வீதியில் இருக்கிறது.

இரண்டாம், மூன்றாம் வாரம்: வீடு

அவசரப்படாமல் செய்ய வேண்டியது இதுதான். முதல் வாரத்தில் ஓராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம். அதுவரை விருந்தினர் விடுதி போதும். தமிழில் பேசிப் பழகி, மரக்கறி வாங்கி, பிள்ளையைக் கோயிலுக்கு அழைத்துப்போக வெள்ளவத்தையும் பம்பலப்பிட்டியும் வசதி. 100, 101 பஸ்கள் காலி வீதி வழியே உங்கள் அலுவலக வாசலுக்கே போகும்.

☐ கடற்கரைப் பக்க ஒழுங்கைகளில் வீடு பார்த்தால் ஜன்னல் கம்பியையும் குளிரூட்டியின் வெளிப்பெட்டியையும் விரலால் தடவிப் பாருங்கள். உப்புக்காற்று பூச்சுக்கு அடியிலேயே துருவை ஏற்றிவிடும். புதிதாகப் பூசிய பெயின்ட் கொப்பளித்திருந்தால் அதுதான் காரணம். மேல்மாடி என்றால் குழாயைத் திறந்து தண்ணீரின் வேகம் பாருங்கள். மின்வெட்டில் லிஃப்ட் ஓடுமா என்று கேளுங்கள்.

☐ முற்பணமாகப் பல மாத வாடகையைக் கேட்பது இங்கு வழக்கம். பேரம் பேசலாம். கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் பற்றுச்சீட்டு வேண்டும். ஒப்பந்தத்தை நொத்தாரிசு முன்னிலையில் எழுதுங்கள். மீளத் தரும் வைப்புப் பணம் எவ்வளவு, எப்போது தருவார்கள் என்பது எழுத்தில் இருக்கட்டும்.

☐ குடியிருப்போர் விவரப் படிவத்தைப் பொலிஸார் தந்தால் தயங்காமல் நிரப்பிக் கொடுத்து, பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கொழும்பில் எங்கள் ஆட்களுக்கு இது பழகிய காரியம்.

☐ மின்மானியின் அளவைச் சாவி வாங்கும் அன்றே படம் எடுங்கள். புதிய வீடுகளில் சதுர முனைச் செருகிகள்தாம். சென்னையின் உருண்டை முனைக்கு இணைப்பி தேவைப்படும்.

விசா கிடைத்ததும்: வங்கி, வரி

☐ கடவுச்சீட்டு, வதிவிட விசா, நிறுவனக் கடிதம், முகவரிச் சான்று நான்கும் இருந்தால் ரூபாய்ச் சேமிப்புக் கணக்கு திறக்கலாம். சம்பளம் போடும் வங்கியையே எடுங்கள். ஊருக்குப் பணம் அனுப்ப என்னென்ன ஆவணம் வேண்டும் என்று அதே நாளில் கேட்டுவிடுங்கள். படிவத்தில் அடையாள அட்டை எண் கேட்கும் இடத்தில் கடவுச்சீட்டு எண்ணை எழுதுங்கள். பூரணை நாளில் வங்கி திறக்காது. மாதம் ஒன்று வரும்.

☐ அதுவரை அன்றாடச் செலவுக்கு: 2024 பெப்ரவரி முதல் இந்திய யுபிஐ செயலிகளால் இங்குள்ள லங்கா கியூஆர் கடைகளில் பணம் செலுத்தலாம்.

☐ உண்ணாட்டு இறைவரித் திணைக்களத்தில் வரி இலக்கம். முதல் சம்பளச் சீட்டில் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 சதவீதம், நிறுவனப் பங்கு 12 சதவீதம் சரியாக இருக்கிறதா பாருங்கள்.

போனில் முதலில் சேமிக்க வேண்டிய எண்கள்: பொலிஸ் 119, இலவச அம்புலன்ஸ் 1990. வீடு பார்க்கப் போகும் ஞாயிற்றுக்கிழமையை இரண்டு நாள் முன்பே சொல்லுங்கள், நானும் வருகிறேன்.