உறைநிலைத் தாழ்வின் மூலம் மோலார் நிறை காணல்: ஆய்வறிக்கை

படிவம் ஆறு வேதியியல், பினாங்கு

நோக்கம்

ஜார்ஜ் டவுன் மளிகைக் கடையில் பெயர்ச்சீட்டு இல்லாமல் வாங்கிய அந்துருண்டை நாஃப்தலீனா (128.2 g/mol), பாரா-டைகுளோரோபென்சீனா (147.0 g/mol) என்று கண்டறிதல்.

கோட்பாடு

கரைப்பானில் வேறொரு பொருள் கரைந்தால் கரைசலின் உறைநிலை தாழ்கிறது. உறையும்போது பெரும்பாலும் கரைப்பான் மட்டுமே படிகமாகிறது. கரைசலில் அதன் செறிவு குறைந்திருப்பதால் படிகமாக முனையும் வேகமும் குறைகிறது. இன்னும் குளிர்ந்தால்தான் இரு நிலைகளும் சமமாகும். கரைந்திருப்பது எது என்பதல்ல, எத்தனை துகள் என்பதே கணக்கு. உப்பு நீரில் இரண்டு அயனிகளாகப் பிரிவதால் ஏறத்தாழ இரட்டிப்புத் தாழ்வைத் தரும், அந்துருண்டை பிரிவதில்லை.

ΔTf = Kf × m

இங்கு ΔTf உறைநிலைத் தாழ்வு, m ஒரு கிலோகிராம் கரைப்பானில் கரைந்துள்ள மோல்கள், Kf கரைப்பானுக்கே உரிய மாறிலி; சைக்ளோஹெக்சேனுக்கு 20.0 °C·kg/mol எனக் கொண்டோம்.

செய்முறையும் அளவீடும்

15.60 g சைக்ளோஹெக்சேனைச் சோதனைக் குழாயில் எடுத்து, ஐஸ் நீரில் வைத்துக் கிளறினோம். எளிதில் தீப்பற்றும் திரவம் என்பதால் அருகில் சுடர் இல்லை. தூய கரைப்பான் 6.4°C-இல் உறைந்தது. நூல்கள் 6.5°C என்கின்றன; ஆனால் அதே வெப்பமானியில் இரு அளவுகளையும் எடுத்தால் அதன் பிழை கழிந்துவிடும். ஆகவே கணக்கில் எங்கள் எண்ணையே பயன்படுத்தினோம்.

பின்னர் 0.200 g அந்துருண்டைப் பொடியைக் கரைத்தோம். வெப்பநிலை 3.9°C வரை இறங்கியும் திரவம் தெளிவாகவே இருந்தது. முதல் படிகங்கள் தோன்றியதும் சட்டென 4.5°C-க்கு ஏறி, பிறகு மெல்லச் சரிந்தது. அந்த முதல் இறக்கம் மீக்குளிர்வு. அதை உறைநிலையாகக் கொள்ளக் கூடாது. பின்வந்த சரிவுக்குக் காரணம், கரைப்பான் உறைய உறைய எஞ்சிய கரைசல் செறிவடைவது.

கணக்கீடு

ΔTf = 6.4 − 4.5 = 1.9°C
m = 1.9 ÷ 20.0 = 0.095 mol/kg
n = 0.095 × 0.01560 = 0.00148 mol
M = 0.200 ÷ 0.00148 = 135 g/mol

விவாதம்

வெப்பநிலை வேறுபாட்டில் ±0.1°C ஐயம் இருப்பதால் விடை 135 ± 7. நாஃப்தலீன் இந்த எல்லையின் ஓரத்தில்தான் நிற்கிறது. மற்றது வெளியே போய்விடுகிறது. கரைப்பான் ஆவியாகியிருந்தால் கரைசல் செறிந்து, விடை குறைந்திருக்கும். எங்கள் விடையோ கூடியிருக்கிறது. குழாயின் சுவரில் ஒட்டிக் கரையாமல் நின்ற பொடியே காரணம் என்று கருதுகிறோம். இந்த ஒரு எண்ணை மட்டும் நம்பாமல், ஒரு துண்டை மூடிய குழாயில் இட்டு 60°C நீரில் வைத்தோம். அது உருகவில்லை. பாரா-டைகுளோரோபென்சீன் 53°C அளவில் உருகிவிடும்; நாஃப்தலீனுக்கு 80°C வேண்டும். எனவே இது நாஃப்தலீன்.

சவ்வூடு பரவல் அழுத்தம் ஏன் பயன்படவில்லை?

கரைப்பானை மட்டும் விடும் சவ்வின் வழியே, தூய கரைப்பான் கரைசலுக்குள் நுழையும். அதை நிறுத்தத் தேவையான அழுத்தமே π = cRT. நாஃப்தலீன் போன்ற சிறு மூலக்கூற்றைத் தடுக்கும் சவ்வு கிடைப்பது அரிது. புரதத்தில் நிலைமை தலைகீழ். லிட்டருக்கு 10 g ஹீமோகுளோபின் (சுமார் 64,500 g/mol) உள்ள நீர்க் கரைசலின் உறைநிலை அந்தப் புரதத்தால் 0.0003°C மட்டுமே தாழும். எங்கள் வெப்பமானிக்கு அது தெரியவே தெரியாது. அதே கரைசல் 25°C-இல் சுமார் 39 மில்லிமீட்டர் உயர நீர்த்தம்பத்தைத் தாங்கும். அதைச் சாதாரண அளவுகோலால் அளந்துவிடலாம்.