திருமணமாகாதவர் என்பதற்கான பிரமாணப் பத்திரம்

கன்னியாகுமரி மாவட்டம், கல்குளம் வட்டம், தக்கலை, பள்ளித்தெரு 4/17 இலக்க வீட்டில் குடியிருப்பவரும், திரு. மரியஜான் அவர்களின் மகளும், 14.6.1996-இல் பிறந்து 29 வயது நிறைந்தவருமான அனிஷா ஆகிய நான், தக்கலை நோட்டரி பப்ளிக் அவர்கள் முன்பாகச் சத்தியம் செய்து எழுதிக் கொடுப்பது:

நான் பிறப்பால் இந்தியக் குடிமகள். பாஸ்போர்ட்டில் என் பெயர் அனிஷா மரியஜான். பள்ளிச் சான்றிதழில் அனிஷா எம்.; எங்கள் பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டில் மேரி அனிஷா. மூன்றும் என்னையே குறிக்கும்.

இன்றுவரை எனக்குத் திருமணம் ஆகவில்லை. எந்த மதச் சடங்குப்படியோ, 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டப்படியோ, வேறெந்தச் சட்டப்படியோ நான் யாரையும் மணந்ததில்லை. ஆகவே நான் விவாகரத்து பெற்றவளோ விதவையோ அல்ல. 2009-ஆம் ஆண்டு தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் என் பெயரில் எந்தத் திருமணமும் பதிவாகவில்லை. 2018 முதல் 2022 டிசம்பர் வரை மஸ்கட்டில் நர்ஸாக வேலை பார்த்தேன். அங்கும் யாரையும் மணக்கவில்லை.

5.2.2023 ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் இப்போது நான் மணக்க இருப்பவர் அல்லாத வேறொருவருடன் எனக்கு நிச்சயதார்த்தம் நடந்தது உண்மை. மோதிரம் மாற்றியதோடு சரி. கோயிலில் திருமண அறிவிப்பாக முதல் ஓலை வாசிக்கும் முன்பே இரு வீட்டாரும் பேசி அதை முறித்துக்கொண்டனர். அவர்கள் போட்ட ஒரு பவுன் மோதிரத்தையும் நிச்சயப் புடவையையும் பெரியவர்கள் முன்னிலையில் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அதைத் திருமணம் என்று சொல்லி உரிமை கேட்க யாருமில்லை. அன்று எடுத்த போட்டோக்கள் பலர் கையில் இருப்பதால், பின்னால் ஐயம் எழ வேண்டாம் என்று நானே இதை இங்கே சொல்கிறேன்.

குலசேகரத்தைப் பூர்வீகமாகக் கொண்டவரும், பெர்த் நகரில் வசிக்கும் ஆஸ்திரேலியக் குடிமகனுமான திரு. சேவியர் மகன் அஜின் என்பவரை மணக்க இருக்கிறேன். இது என் முழுச் சம்மதத்தோடு எடுத்த முடிவு. யாருடைய வற்புறுத்தலும் இல்லை. எங்களுக்குள் இரத்த உறவோ, திருமணத்துக்குத் தடையான வேறு உறவோ கிடையாது. நான் விண்ணப்பிக்கும் விசாவின் காலத்துக்குள் ஆஸ்திரேலியாவின் 1961-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி மணம் முடிப்போம்.

300-ஆம் வகை விசா விண்ணப்பத்தோடு ஆஸ்திரேலிய உள்துறையிடமும், அங்கே திருமணம் நடத்தி வைப்பவரிடமும் கொடுப்பதற்காகவும், அதற்கு வேண்டிய அப்போஸ்டில் பெறுவதற்காகவும் இதை எழுதித் தருகிறேன். பாஸ்போர்ட் நகலும், திருமணத் தடையில்லை என்று பங்குத்தந்தை கொடுத்த கடிதமும் இத்துடன் உள்ளன.

மேலே கண்டவை யாவும் நான் நேரில் அறிந்த உண்மைகள், எதையும் மறைக்கவில்லை. பொய்யென்று தெரிந்தால் பாரதிய நியாய சன்ஹிதா, 2023-இன்படி தண்டனைக்கு உள்ளாவேன் என்பதை அறிவேன். படித்துப் பார்த்து, சரியென்று கண்டு, 12.11.2025 அன்று தக்கலையில் கையொப்பமிட்டேன்.

ஒப்பம்: அனிஷா மரியஜான்
பிரமாணம் செய்பவர்

மேற்படி அனிஷா மரியஜான் இன்று என் முன் நேரில் வந்து, அசல் பாஸ்போர்ட்டைக் காட்டி, வாசகத்தைப் புரிந்துகொண்டு சத்தியம் செய்து கையொப்பமிட்டார்.

வழக்கறிஞர், நோட்டரி பப்ளிக்
தக்கலை, 12.11.2025