அத்தைக்கு: மாத்திரை டப்பா வழக்கம் (அலமாரி கதவு உள்பக்கம் ஒட்டி வைக்க)

அத்தை, பெரிய எழுத்துல பிரிண்ட் எடுத்திருக்கேன், கண்ணாடி போட்டு ஒரு தடவை முழுசா படிச்சிடுங்க, அப்புறம் சந்தேகம் வர்றப்ப மட்டும் பாத்தா போதும்.

அன்னைக்கு ராத்திரி நடந்தது இதுதான்னு நான் நெனைக்கிறேன். செவ்வாய்க்கிழமை ஒம்பது மணிக்கு சரியா போட்டுட்டு தூங்கிட்டீங்க, ஒரு மணிக்கு பாத்ரூம் போக எழுந்தீங்க, மணி பன்னெண்டு தாண்டிட்டதால போன்ல புதன்னு காட்டுச்சு, டப்பால புதன் கட்டம் நிறைஞ்சிருந்துச்சு, அடடா இன்னும் போடலையேன்னு அதையும் போட்டுட்டீங்க. மறுநாள் மத்தியானம் வரைக்கும் எழுப்ப முடியல. டப்பாவ கட்டில் பக்கத்துல பிஸ்கட் டின்ல வச்சது நான்தான், அதனால பாதி தப்பு என்னோடது. இந்த தூக்கம் வர வைக்கிற மாத்திரைங்க போட்ட ஞாபகத்தையே குழப்பிடலாம், அர தூக்கத்துல யாருக்கா இருந்தாலும் இப்படி ஆகும். அதுக்காக உங்கள மறதிக்காரின்னு யாரும் சொல்லல, நீங்களும் சொல்லிக்காதீங்க.

இப்ப புது டப்பா. ஏழு துண்டு, ஒவ்வொண்ணும் தனியா கழட்டலாம், ஒரு துண்டு ஒரு நாள். மேல இங்கிலீஷ்ல ரெண்டு டி, ரெண்டு எஸ் போட்டிருந்தான், செவ்வாயா வியாழனா சனியா ஞாயிறான்னு எனக்கே குழம்புது, அதான் தமிழ்ல ஸ்டிக்கர் ஒட்டிட்டேன். ஒரு துண்டுல நாலு கட்டம் இருக்கு, மத்தியான கட்டம் நமக்கு வேணாம், அதை டேப் போட்டு மூடியாச்சு, பிரிக்காதீங்க.

காலைல ஒலி 96.8 வச்சு டீ போடுறப்ப அலமாரிய திறந்து அன்னைக்கு உள்ள துண்டை மட்டும் எடுத்து சாப்பாட்டு மேசை மேல வைங்க. மத்த ஆறும் உள்ளயே இருக்கட்டும், கொக்கிய போட்டுடுங்க. சட்டம் ஒண்ணே ஒண்ணுதான்: ஜன்னல்ல வெளிச்சம் வந்தா தான் அலமாரி திறக்கணும். ராத்திரி என்ன ஆனாலும், கிழமை மாறினாலும், வலிச்சாலும் திறக்கக்கூடாது. மேசை மேல காலியான துண்டு இருந்தா போட்டாச்சுன்னு அர்த்தம், உங்க மனசு இல்லன்னு சொன்னாலும் கட்டம் சொல்றதை தான் நம்பணும்.

காலை கட்டத்துல ரெண்டு இருக்கும்: பிரஷருக்கு அம்லோடிபின் 5, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 500. தோசையோ ரொட்டியோ சாப்பிட்டுட்டு போடுங்க. சாயங்கால கட்டத்துல மெட்ஃபார்மின் ஒண்ணே ஒண்ணு, ராத்திரி சாப்பாட்டோட.

படுக்கிற கட்டம் தான் கவனம். மூணு இருக்கணும், நாலு இருந்தா நான் தப்பு பண்ணிட்டேன், போடாம எனக்கு அடிங்க. நரம்பு வலிக்கு கேபாபென்டின் 300, அமிட்ரிப்டிலின் 10, கொழுப்புக்கு அடோர்வாஸ்டாடின் 20. முதல் ரெண்டும் தூக்கம் வர வைக்கும், ஒண்ணோட ஒண்ணு சேர்றப்ப இன்னும் அதிகமா. அதனால டிவி பாத்துக்கிட்டே சோஃபால சாஞ்சு போடுற வேலை வேணாம். ஒம்பது மணிக்கு அலாரம் அடிச்சதும் டிவிய ஆஃப் பண்ணி, லைட் போட்டு, மேசைல உக்காந்து, தண்ணி டம்ளர் பக்கத்துல வச்சு போடணும். குடிச்சு முடிச்சதும் டம்ளரை துண்டு மேல கவுத்திடுங்க. அப்புறம் காலி துண்டை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல எனக்கு. ராத்திரி ஒரு மணிக்கு சந்தேகம் வந்தா போன எடுத்து பாருங்க, போட்டோவும் நேரமும் அதுலயே இருக்கும். ஒம்பதே முக்காலுக்குள்ள வரலன்னா நான் கூப்பிடுவேன், ரெண்டு தடவை எடுக்கலன்னா எதிர் வீட்டு மக்சிக் கதவு தட்டுவாங்க, சாவி அவங்ககிட்ட குடுத்திருக்கேன். அவங்க தட்டினா கோச்சுக்காதீங்க.

மாத்திரை போட்டதுல இருந்து அடுப்பு பக்கம் போகாதீங்க. ராத்திரி எழுந்தா கட்டில் ஓரத்துல கொஞ்ச நேரம் உக்காந்து, லைட் போட்டு, அப்புறம் நடங்க. திடீர்னு எழுந்தா பிரஷர் இறங்கி தல சுத்தும்.

போட்டேனா இல்லையான்னு சந்தேகமா? துண்டு வேற மாதிரி இருக்கு, போட்டோவும் இல்ல, என்ன பண்றது? போடாதீங்க. ஒரு ராத்திரி விட்டா வலி கொஞ்சம் கூடும், தூக்கம் சரியா வராது, அவ்வளவுதான், ரெண்டு தடவை போட்டா விழுந்திடுவீங்க. காலைல நிறைஞ்ச கட்டத்த பாத்து, நேத்துதை இப்ப சேத்து போட்டுடலாம்னும் நினைக்காதீங்க, அப்படியே விட்டுட்டு எனக்கு சொல்லுங்க. ஆனா தொடர்ந்து ரெண்டு ராத்திரி விட்டுப்போச்சுன்னா கண்டிப்பா சொல்லணும், கேபாபென்டின திடீர்னு நிறுத்தக்கூடாதுன்னு பார்மசிஸ்ட் சொன்னாங்க.

ரெண்டு தடவை போட்டுட்டீங்கன்னு தெரிஞ்சா வாந்தி எடுக்க முயற்சி பண்ணாதீங்க, படுக்கவும் வேணாம், முன்கதவு தாழ்ப்பாள திறந்துட்டு நாற்காலில உக்காந்து எனக்கு அடிங்க, ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் அடிங்க, நான் திட்ட மாட்டேன். நான் எடுக்கலன்னா, இல்ல பேச்சு குளறுது, மூச்சு விட கஷ்டம், நெஞ்சு படபடக்குதுன்னா 995. எனக்காக காத்திருக்க வேணாம். மக்சிக் வந்து பாக்கறப்ப உங்கள எழுப்ப முடியலன்னாலும் 995 தான், அவங்களுக்கும் சொல்லி வச்சிருக்கேன். ஆம்புலன்ஸ்ல போகும்போது துண்டையும் இந்த பேப்பரையும் எடுத்துட்டு போங்க.

வீட்டுல இப்ப டப்பால உள்ளத தவிர வேற மாத்திரை இருக்கக்கூடாது. பழைய அரிப்பு மாத்திரைய, அதான் ஹைட்ராக்சிசின், டாக்டர் நிறுத்திட்டார், மூணு அட்டை எடுத்துட்டு போயிட்டேன். சளிக்குன்னு பிளாஸ்டிக் பையில வச்சிருந்த மஞ்சள் சின்ன மாத்திரையும் தூக்கம் வர வைக்கும், அதுவும் போச்சு. முழங்கால் வலிக்கு பாராசிட்டமால் மட்டும் அலமாரி மேல்தட்டுல வச்சிருக்கேன், டாக்டர் சொன்னபடி ஒரு நேரத்துக்கு ரெண்டு, ஆறு மணி நேரம் இடைவெளி, ஒரு நாளைக்கு ஆறுக்கு மேல வேணாம். பகல்ல மட்டும், போட்ட நேரத்த அட்டைலயே பேனாவுல எழுதிடுங்க. கீழ கடைல சளி மருந்து, இருமல் மருந்து வாங்கறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை. மாமா இருந்தப்ப பழகின அந்த ஒரு ஸ்டவுட் இருக்கே, தீபாவளிக்கு கூட வேணாம் அத்தை, இந்த மாத்திரைங்களோட சேரவே சேராது.

பாலிகிளினிக்லயோ ஆஸ்பத்திரிலயோ புதுசா மருந்து குடுத்தா டப்பால போடாதீங்க. பேரும் நிறமும் மாறி இருக்கும், உள்ள அதே மருந்தா இருக்கும், ரெண்டையும் போட்டா அதுவும் டபுள் தான். பையோட அப்படியே ஃபிரிட்ஜ் மேல வச்சுட்டு அன்னைக்கே போட்டோ அனுப்புங்க, அதை எப்ப ஆரம்பிக்கணும்னு நான் பார்மசில கேட்டு சொல்றேன்.

டப்பா நிரப்புறது ஞாயித்துக்கிழமை சாயங்காலம், நாம ரெண்டு பேரும் சேர்ந்து. ஒரு மருந்து அட்டைய எடுத்து ஏழு நாளுக்கும் போட்டு முடிச்சுட்டு தான் அடுத்த அட்டை, டிவி போடக்கூடாது, போன் எடுக்கக்கூடாது. நான் போடுறேன், நீங்க எண்ணுங்க. மிச்ச அட்டையெல்லாம் செங்காங்ல என் வீட்டுல இருக்கும், அதனால இங்க தேடாதீங்க.

இந்த ஞாயிறு நாலு மணிக்கு வர்றேன், தேக்கால மீன் வாங்கிட்டு வர்றேன், நீங்க மசாலா மட்டும் அரைச்சு வைங்க.