தரவுப் பொறியாளர் பணி: விண்ணப்பதாரரின் ரெஸ்யூமே குறித்த மதிப்பீடு

குழுத் தலைவர் அவர்களுக்கு,

ஜூரோங் அலுவலகப் பணியிடத்திற்கு வந்த ரெஸ்யூமேவை, நம் விளம்பரம் கேட்கும் பைப்லைன், தரவுக் கிடங்கு வடிவமைப்பு, பணி ஒருங்கிணைப்புக் கருவிகள் ஆகியவற்றோடு ஒப்பிட்டுப் படித்தேன். நாம் கேட்ட 5 ஆண்டு அனுபவத்திற்கு அவரிடம் 6 ஆண்டுகள் உள்ளன.

அவருடைய பலம் பைப்லைன்தான். சரக்குப் போக்குவரத்துத் தரவைக் காஃப்காவிலிருந்து ஸ்னோஃப்ளேக்கிற்கு நாளொன்றுக்கு 40 மில்லியன் வரிசைகள் வரை கொண்டுசென்றதாகக் கூறுவதோடு நில்லாமல், தாமதமாக வந்த பதிவுகளை எவ்வாறு சேர்த்தார், தோல்வியுற்ற பணியை மீண்டும் இயக்கினாலும் பதிவுகள் இரட்டிக்காதவாறு எவ்வாறு `MERGE` கட்டளையைப் பயன்படுத்தினார் என்பதையும் எழுதியுள்ளார். செய்து பார்க்காதவர் இவ்வளவு நுணுக்கமாக எழுதுவது அரிது.

கிடங்கு வடிவமைப்பில் அந்தத் தெளிவு இல்லை. 'ஸ்டார் ஸ்கீமா வடிவமைத்தேன்' என்ற ஒரே வரி உள்ளது. ஃபேக்ட் அட்டவணையின் ஒரு வரிசை எதைக் குறிக்கிறது, வாடிக்கையாளரின் முகவரி மாறும்போது பழைய விவரம் எவ்வாறு காக்கப்பட்டது என்பன கூறப்படவில்லை.

பணி ஒருங்கிணைப்பைப் பொறுத்தவரை, ஏர்ஃப்ளோ அவருடைய திறன் பட்டியலில் உள்ள 23 கருவிகளுள் ஒன்று. அத்தனை நீண்ட பட்டியல் எனக்கு நம்பிக்கையைவிட ஐயத்தையே தருகிறது. அவருடைய பணி அனுபவ விவரிப்பிலோ கிரான் மட்டுமே காணப்படுகிறது.

ஆயினும் அவரை நேர்காணலுக்கு அழைக்கப் பரிந்துரைக்கிறேன். கப்பல் சரக்கு முன்பதிவுக்கான அட்டவணைகளை அவரே வரையட்டும். மூன்று நாள் தரவை ஏர்ஃப்ளோவில் பின்னோக்கி நிரப்பும் முறையையும் விளக்கட்டும்.