மூன்றாம் வார மனக்கணக்கு: நான்காம் வகுப்பு

தினமும் 12 கணக்கு, 3 நிமிடம். டைமரை ஓடவிட்டு போனைக் கவிழ்த்து வை. ஓடும் நொடிகளைப் பார்த்தால் கணக்கு மறந்துபோகும், எனக்கே அப்படித்தான். பேப்பரில் விடையை மட்டும் எழுது. தெரியாததைத் தாண்டிப் போ, நேரமிருந்தால் திரும்பி வா. மணி அடித்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட வேண்டும், பாதி எழுதியிருந்தாலும் சரி.

போன வார மதிப்பெண் (கூட்டல்)

திங்கள்: 8, இரண்டு தொடவே இல்லை
செவ்வாய்: 9
புதன்: 11
வியாழன்: 10, அவசரம்
வெள்ளி: 11, 20 நொடி மிச்சம்!

மூன்று நாள் 10 அல்லது அதற்கு மேல் எடுத்தால் அடுத்த படி. எடுத்துவிட்டாய், அதனால் இந்த வாரம் கழித்தல். எடுக்காத வாரம் அதே படியில் இன்னொரு வாரம் இருப்போம், அதற்காக முகத்தைத் தூக்கக் கூடாது.

ஒன்று மட்டும் கவனி. 47 + 38க்கு இரண்டு முறை 75 என்று எழுதினாய். மீதி 1 பத்து எங்கே போனது? 47ஐ 50 ஆக்க 3 வேண்டும். 38இல் அந்த 3 போனால் 35. 50ம் 35ம் 85. இன்று அதே கணக்கு மறுபடியும் இருக்கிறது.

இந்த வார வழி

63 − 28க்கு மனத்துக்குள் கடன் வாங்காதே. முதலில் 30ஐக் கழி: 33. இரண்டு அதிகமாகக் கழித்துவிட்டோம், அதைத் திருப்பிக் கொடு: 35. இரண்டு எண்ணும் பக்கத்தில் இருந்தால் கழிக்கவே வேண்டாம், சின்னதிலிருந்து பெரியது வரை எண்ணிக்கொண்டு போ.

திங்கள்

1) 52 − 9
2) 41 − 19
3) 63 − 28
4) 70 − 34
5) 85 − 39
6) 36 + 48
7) 92 − 47
8) 54 − 18
9) 47 + 38
10) 100 − 63
11) 81 − 78
12) 103 − 97

செவ்வாய்க்கு ஒவ்வொரு கணக்கிலும் முதல் எண்ணோடு 1 கூட்டிக்கொண்டு கீழிருந்து மேலே போடு. புதனுக்கு 2, வியாழனுக்கு 3, வெள்ளிக்கு 4. விடையும் அதே அளவு கூடும், ஆனால் பழைய விடையைப் பார்த்து ஒன்று கூட்டி எழுதுவது கள்ளாட்டம். பழைய தாளை நான் வாங்கி வைத்துக்கொள்வேன்.

ஞாயிறு டைமர் கிடையாது. தவறிய கணக்குகளை மட்டும் எனக்கு வாயால் விளக்கிச் சொல். அடுத்த படி 9ஆம் வாய்ப்பாடு: 9 × 7 என்றால் 70இலிருந்து 7ஐக் கழிப்பது. இந்த வாரம் பழகும் கழித்தல் அங்கே வேலைக்கு வரும்.

விடை (மணி அடித்த பிறகு மட்டும்)

43, 22, 35, 36, 46, 84, 45, 36, 85, 37, 3, 6